தனியாக வந்த மெசேஜை குரூப்பில் போடலாமா?

கேள்வி: "எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஒரு வீட்டில் மூன்று மாத மெயின்டனன்ஸ் பாக்கி. அந்த வீட்டு அம்மா எனக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் காரணம் சொல்லி டைம் கேட்டிருக்கிறார். குரூப்பில் எல்லாரும் 'செயலாளர் ஏன் வசூலிக்கவில்லை' என்று என்னைப் பிடிக்கிறார்கள். அவர் அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் தப்பா? பெயரை மறைத்தால் போதுமா? கேட்டுவிட்டுத்தான் போட வேண்டுமா?"

போடாதீர்கள். பெயரை மறைத்தும் போடாதீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது, நீங்கள் சும்மா இருக்கவில்லை, பாக்கியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று மற்றவர்கள் நம்புவது. அதற்கு அந்த அம்மாவின் வார்த்தைகள் தேவையே இல்லை. நான் வழக்கறிஞர். சிவில் வழக்குகளோடு குடியிருப்போர் சங்கத் தகராறுகளும் நிறையப் பார்க்கிறேன். பாக்கி விவகாரத்தில் தொடங்கி, ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பிறகு காவல் நிலையம் வரை போன சண்டைகளில் இரண்டு தரப்புக்கும் பேசியிருக்கிறேன். அந்தச் சண்டைகளில் பணம் சீக்கிரமே தீர்ந்துவிடும். "என் விஷயத்தை ஊருக்கே காட்டிவிட்டார்" என்பதுதான் தீராது.

உங்களுக்கு வந்த மெசேஜில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாதது நல்லது. ஆனால் இப்படிப்பட்ட மெசேஜ்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு உதாரணம் நானே எழுதிப் பார்க்கிறேன்: "சார், தப்பா நினைக்காதீங்க. இவருக்கு வேலை போயி மூணு மாசம் ஆச்சு. பெரியவனுக்கு ஃபீஸ் கட்டினதுல கையில ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள ரெண்டு மாசத்துது தந்துடறேன்." இதில் சங்கத்துக்குச் சம்பந்தப்பட்டது கடைசி வரி ஒன்றுதான். எப்போது, எவ்வளவு தருவார் என்பது சங்கக் கணக்கு. கணவருக்கு வேலை போனது அவருடைய விஷயம். அதை மனைவி உங்களிடம் சொன்னதுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பல வீடுகளில் வேலை போனதை மாமனார் மாமியாரிடமே மறைத்துக்கொண்டு, காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பையனின் ஃபீஸ் விஷயம் அந்தப் பையனோடு அதே பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

அதனால் அந்த அம்மாவே "சரி, போட்டுக்கோங்க" என்று சொன்னாலும், அவரால் தன்னைப் பற்றிய பகுதிக்குத்தான் அனுமதி தர முடியும். கணவருக்காகவும் பையனுக்காகவும் அவர் தர முடியாது. ஒரு சாட்டில் மூன்றாவது ஆள் வருகிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். வந்தால், எழுதியவரைக் கேட்டது பாதி வேலைதான் ஆகிறது. அவர் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். எழுத வேண்டியதில்லை. அதே குரூப்பில் அவரும் இருக்கிறார். குரூப்பில் சொல்லாமல் உங்களுக்குத் தனியாகச் சொன்னதிலேயே அது வந்துவிட்டது.

அடுத்து, அந்தப் படத்தில் என்னவெல்லாம் போகிறது என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டின் மேலே அவர் பெயர் வரும். அது அவர் வைத்த பெயர் இல்லை, நீங்கள் உங்கள் போனில் சேமித்த பெயர். "3C பாக்கி" என்று சேமித்து வைத்திருந்தால் அதுவும் தெரியும். பக்கத்தில் அவருடைய புரொஃபைல் போட்டோ, பெரும்பாலும் பிள்ளைகளோடு இருப்பது. கீழே, அவர் எந்த மெசேஜுக்குப் பதில் சொன்னாரோ அந்த மேற்கோள் பெட்டி. அதில் நீங்கள் எழுதியது அரைகுறையாகத் தெரியும். மெசேஜ் வந்த நேரம் இரவு 11.40 என்றால், இந்த நேரத்தில் செயலாளருக்கு ஏன் மெசேஜ் என்று பேசவும் நாலு பேர் இருப்பார்கள். திரையின் மேல் ஓரத்தில் உங்களுக்கு வந்த நோட்டிஃபிகேஷன் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். ஒரு வரியைக் காட்ட நினைத்து ஒரு திரை முழுவதையும் அனுப்புகிறோம்.

பெயரை மறைப்பதில் இரண்டு வகையான தோல்விகளைப் பார்க்கலாம். ஒன்று தொழில்நுட்பத் தோல்வி. போனில் இருக்கும் கேலரியில் மார்க்கரை எடுத்துக் கறுப்பாகத் தேய்ப்பார்கள். அது உண்மையில் ஹைலைட்டராக இருந்தால், அடியில் எழுத்து மங்கலாக இருக்கும். படத்தின் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றினால் படித்துவிடலாம். வெட்டி எடுப்பதிலும் ஆபத்து இருந்திருக்கிறது. கூகுள் பிக்சல் போன்களில் படம் வெட்டும் கருவியில் இருந்த ஒரு ஓட்டை 2023-இல் வெளியே வந்தது. வெட்டி நீக்கிய பகுதி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கோப்புக்குள் மிச்சம் இருந்தது, அதை மீட்டெடுக்கவும் முடிந்தது. அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் எந்த நல்ல காரணத்துக்காகவாவது ஒரு படத்தில் எதையாவது மறைக்க வேண்டியிருந்தால், ஒளி ஊடுருவாத கறுப்புக் கட்டம் போட்டு, அந்தத் திருத்திய படத்தையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த இரண்டாவது படத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது தோல்விக்குத் தொழில்நுட்பத்தில் மருந்து இல்லை. நாற்பது ஐம்பது வீடு இருக்கிற இடத்தில், பாக்கி வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் பெரிய பையன் இருக்கிற வீடு எது, கணவர் கொஞ்ச நாளாகப் பகலில் லிஃப்டில் தென்படுகிற வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். பெயரை மறைத்தால், "யாருன்னு தெரியுதா" என்று தனித்தனியாகப் பேச ஒரு விஷயம் கிடைத்ததாகத்தான் ஆகும். மறைத்துவிட்டோம் என்ற நிம்மதி அனுப்பியவருக்கு மட்டும்தான்.

இப்போது சட்டம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, இன்னும் தெளிவாகாதது எது என்று பிரித்தே சொல்கிறேன். உங்களுக்கு வந்த செய்தியை உங்கள் போனில் நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது குற்றம் இல்லை. வெளியே காட்டுவதில்தான் பிரச்சினை. "தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ-யில் உள்ளே போவாய்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்துவிட்டது. 66ஈ என்று சொல்வார்கள். அது ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பது, பரப்புவது பற்றியது. சாதாரண மெசேஜுக்குப் பொருந்தாது.

பொருந்தக்கூடியது அவதூறு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அவதூறு என்றதும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒருவரின் நாணயத்தை, அதாவது கடன் விஷயத்தில் மற்றவர்கள் அவர் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைக் குறைப்பதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் விவகாரம் நேராக அங்கேதான் போய் நிற்கிறது. "உண்மையைத்தானே போட்டேன்" என்பது மட்டும் இந்தக் குற்றத்துக்கு முழுப் பதில் ஆகாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிடுவது பொது நன்மைக்குத் தேவையாகவும் இருக்க வேண்டும். மூன்று மாதப் பாக்கி இருப்பதை உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பதில் பொது நன்மை இருக்கிறது என்று நான் உங்களுக்காக வாதாடலாம். தன் நலனைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு சொன்னது என்ற விதிவிலக்கையும் காட்டலாம். கணவருக்கு வேலை போனதைத் தெரிவிப்பதில் என்ன பொது நன்மை என்று நீதிபதி கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் உறுதி. 1994-இல் நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம். ஆனால் ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைகள், கல்வி போன்ற விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட்டால், அது உண்மையாக இருந்தாலும், நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். அந்த வழக்கில் இதழ் ஜெயித்தது என்பதால் இந்தப் பாதியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு எல்லாருக்கும் தெரியும். அது பெரும்பாலும் அரசுக்கு எதிராகப் பேசுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் நேராக எந்த அளவுக்குப் பாயும் என்பது இன்னும் முழுதாகத் தெளியாத இடம்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான். தனி ஆள் தன் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதற்கு அது பொருந்தாது. ஆனால் நீங்கள் செயலாளர். அந்த அம்மா உங்களுக்கு எழுதியது சங்கக் காரியமாக. அதை "சொந்தக் காரியம்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தச் சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்பதால், இதில் இப்போதைக்கு அடித்துச் சொல்ல மாட்டேன். குரூப் அட்மின் பற்றியும் கேட்பார்கள். அட்மினாக இருப்பதாலேயே மற்றவர் போட்டதற்கு ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது. நீங்களே போட்டதற்கு அது உதவாது.

சரி, எப்போது கேட்டுவிட்டுப் பகிரலாம்? அந்த மனிதரின் சொந்த வார்த்தைகளே தேவைப்படும் இடங்கள் உண்டு. வீட்டில் தண்ணீர் ஒழுகுவதை அவர் விவரமாக எழுதியிருக்கிறார், பிளம்பருக்கு அதை அப்படியே காட்டினால் நல்லது. சங்கத்துக்கு ஒரு நல்ல யோசனை சொல்லியிருக்கிறார், அது அவர் பெயரிலேயே போக வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் கேளுங்கள். கேட்பதிலும் முறை இருக்கிறது. "உங்க மெசேஜை ஷேர் பண்ணலாமா" என்று மட்டும் கேட்டால் அவர் ஏதோ ஒன்றை மனதில் வைத்துச் சரி என்பார், நீங்கள் வேறொன்றைப் போடுவீர்கள். போடப் போகும் படத்தையே, வெட்டி மறைத்த பிறகு, முதலில் அவருக்கு அனுப்புங்கள். எந்தக் குரூப், எத்தனை பேர், எதற்காக என்று சொல்லுங்கள். "வேண்டாம்னா சொல்லுங்க, நானே என் வார்த்தையில் சொல்லிக்கிறேன்" என்று ஒரு வழியும் வையுங்கள். இரண்டு நீல டிக் வந்து பதில் வராவிட்டால் அது சம்மதம் இல்லை.

உங்கள் விஷயத்தில் நான் அந்த அம்மாவிடம் கேட்கவே வேண்டாம் என்கிறேன். பாக்கி வைத்திருப்பவரிடம் செயலாளர் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்த மாதிரிச் சம்மதம் பிறகு சண்டை வந்தால் நிற்காது. நியாயப்படியும் அது சம்மதம் ஆகாது. உயரதிகாரி கீழே வேலை செய்பவரிடம், ஆசிரியர் மாணவரிடம், கடன் கொடுத்தவர் வாங்கியவரிடம் கேட்கும்போதெல்லாம் இதே சிக்கல்தான்.

குரூப்பில் இப்படி எழுதுங்கள்: "நிலுவை உள்ள வீடுகள் அனைவரிடமும் பேசியிருக்கிறேன். எப்போது கட்டுவார்கள் என்று தேதி வாங்கியிருக்கிறேன். மாதக் கூட்டத்தில் கணக்கோடு வைக்கிறேன். தனிப்பட்ட காரணங்களைக் குரூப்பில் பேச வேண்டாம்." கூட்டத்தில், உங்கள் துணைவிதிகள் அனுமதித்தால், வீட்டு எண், எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று மட்டும் கணக்கில் காட்டலாம். காரணம் என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் இருக்கவே கூடாது. யாராவது "ஆதாரம் காட்டு" என்றால், தலைவரையோ பொருளாளரையோ உட்கார வைத்து, நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்களை உங்கள் போனிலேயே காட்டுங்கள். நீங்கள் எழுதியது உங்களுடையது, அதைக் காட்டுவதில் யார் ரகசியமும் போகாது. எப்படியும் ஸ்கிரீன்ஷாட் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய ஆதாரம் இல்லை. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து திரையில் இருக்கும் எழுத்தை மாற்றிப் படம் எடுக்கக் கொஞ்ச நேரம் போதும். நம்பாத மனிதர் அதைப் பார்த்தும் நம்ப மாட்டார்.

கேட்கவே தேவையில்லாத இடமும் இருக்கிறது. மிரட்டல், பணம் பறிப்பு, ஆபாச மெசேஜ், மோசடி, தற்கொலை செய்துகொள்வேன் என்ற செய்தி: இவற்றில் அனுப்பியவரிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அதைக் காட்ட வேண்டிய இடம் குரூப் இல்லை. மோசடி, மிரட்டல் என்றால் காவல் நிலையம் அல்லது cybercrime.gov.in, பணம் போயிருந்தால் உடனே 1930. அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்றால் உள்ளகக் குழு. அந்தப் புகாரில் இருப்பதை வெளியே பரப்புவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. தற்கொலைப் பேச்சு என்றால் அவர் வீட்டில் ஒருவருக்கு உடனே போன் செய்யுங்கள். படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் செய்கிற ஒரு காரியம் கேஸைக் கெடுத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, கோபத்தில் சாட்டை அழித்து, எண்ணையும் பிளாக் செய்துவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் அந்தப் படம் மின்னணு ஆவணத்தின் நகல். பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் கருவியை வைத்திருப்பவரும், இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். மூலப் போனையே கொண்டு வந்து அதன் சொந்தக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினால் சான்றிதழ் தேவைப்படாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் சொன்னது. ஆகவே சாட் போனிலேயே இருக்கட்டும். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மறையும் செய்திகள் வசதி ஆனாகி இருந்தால் அந்தக் கெடு முடிவதற்குள் வழக்கறிஞரையோ காவல் துறையையோ பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் இப்படிக் கேட்கிறவர்களில் சிலர் ஏற்கெனவே போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். போட்டிருந்தால் இப்போதே "அனைவருக்கும் நீக்கு" கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். அந்தக் கெடு தாண்டிவிட்டால், அட்மின் தன் குரூப்பில் இருக்கும் செய்தியை நீக்கும் வசதி உண்டா என்று உங்கள் போனில் பாருங்கள். ஏற்கெனவே சேமித்தவர்கள், ஃபார்வர்டு செய்தவர்கள் போனில் இருப்பதை உங்களால் அழிக்க முடியாது. அதனால் நீக்கிய கையோடு அந்த அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், மெசேஜ் அனுப்பாதீர்கள். எந்தப் படம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை குரூப்பில் இருந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். வேறொருவர் வாயால் கேட்பதற்கு முன் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க அவருக்கு அந்த நேரம் வேண்டும்.